60 கலோரியில் ஏறும் ஊரின் எடை

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால், அதே நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட ஏறக்குறைய 30 கலோரி கூடுதலாகச் செலவாகும். அவர் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் அரை கிலோமீட்டர். இறங்கும் நிறுத்தத்திலிருந்து அலுவலகம் இன்னொரு அரை கிலோமீட்டர். போக வர மொத்தம் 2 கிலோமீட்டர், அதாவது 60 கலோரி. ஒரு நாள் அவர் இருசக்கர வாகனம் வாங்குகிறார். வீட்டு வாசலில் ஏறி அலுவலக வாசலில் இறங்குகிறார். அந்த 60 கலோரி அன்றோடு போயிற்று.

இது எவ்வளவு சிறிய தொகை என்றால், ஒன்றரைத் தேக்கரண்டி எண்ணெய்க்குச் சமம். நாள் முழுக்க 2,000 கலோரிக்கு மேல் செலவழிக்கும் உடம்பில் இது வெறும் 3 சதவீதம். பசியிலும் களைப்பிலும் யாருக்கும் இது தெரியாது. ஆனால் ஒரு நகரத்தின் சாலை வடிவமைப்பு அந்த நகரத்து மக்களின் எடையை மாற்றுவது பெரும்பாலும் இந்த அளவுள்ள தொகைகளால்தான்.

முதலில் இந்த 60 கலோரி எத்தனை கிலோவாக மாறும் என்று பார்ப்போம். பரவலாகச் சொல்லப்படும் பழைய கணக்கு ஒன்று உண்டு: 7,700 கலோரி மிஞ்சினால் ஒரு கிலோ கூடும். அதன்படி நாளுக்கு 60 என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 2.8 கிலோ, பத்து வருடத்தில் 28 கிலோ. நிஜத்தில் இப்படி நடப்பதில்லை. எடை கூடக்கூட அந்த உடம்பைப் பராமரிக்கவும் சுமந்து நடக்கவும் ஆகும் செலவும் கூடும். ஓரிடத்தில் வரவும் செலவும் மறுபடி சமமாகி எடை நின்றுவிடும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய கெவின் ஹாலும் அவர் குழுவினரும் 2011-ல் வெளியிட்ட கணக்கின் சாரம் இது: நாளுக்கு 24 கலோரி நிரந்தரமாக மிஞ்சினால் கடைசியில் ஒரு கிலோ கூடும். அதில் பாதி முதல் ஒரு வருடத்திலும், ஏறக்குறைய முழுவதும் மூன்று வருடத்திலும் ஏறிவிடும்.

அப்படியானால் 60 கலோரிக்கு 2.5 கிலோ. இதிலும் கொஞ்சம் கழிக்க வேண்டும். அசைவு கூடினால் உடம்பு வேறு இடத்தில் சிக்கனம் பிடிக்கும், அசைவு குறைந்தால் அந்தச் சிக்கனத்தைத் தளர்த்தும். ஐசோடோப்பு கலந்த நீரைக் குடிக்கவைத்து மொத்த ஆற்றல் செலவை அளக்கும் ஆய்வுகளில், உடலசைவுக்காகச் செலவழிப்பதில் சராசரியாகக் கால்பங்குக்குச் சற்று அதிகம் இப்படி ஈடுகட்டப்படுவதாகத் தெரிகிறது. அதைக் கழித்தால் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கிறோம்.

இது தாளில் போட்ட கணக்கு. மனிதர்களிடம் ஒத்துப்போகிறதா? சீனாவில் 1989 முதல் 1997 வரை ஒரே குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில்தான் அங்கே பல வீடுகளுக்கு முதல் மோட்டார் வாகனம் வந்தது. வாகனம் வாங்கிய வீட்டு ஆண்களுக்கு, வாகன நிலை மாறாதவர்களைவிட 1.8 கிலோ அதிகமாக எடை கூடியிருந்தது. உடல்பருமன் வரும் வாய்ப்பும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. என் கணக்கும் அந்த எண்ணும் இவ்வளவு நெருங்கி வருவதில் கொஞ்சம் தற்செயலும் இருக்கிறது. வாகனம் வாங்க முடிந்த வீட்டில் சாப்பாட்டுச் செலவும் கூடியிருக்கலாம். ஆனாலும் அளவு எந்த வரிசையில் இருக்கும் என்பதை அது காட்டுகிறது.

சரி, இரண்டு கிலோதானே, அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். தனி ஒருவருக்கு அது ஒன்றுமே இல்லை. ஊர் முழுக்க நடக்கும்போதுதான் விஷயம் மாறுகிறது. பிரிட்டிஷ் தொற்றுநோயியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985-ல் எழுதியது இதைத்தான்: ஒரு மக்கள்தொகையின் சராசரி கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை வெகுவாக மாறும். ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண் பிஎம்ஐ, அது 30-ஐத் தாண்டினால் உடல்பருமன். ஒரு கற்பனை நகரத்தில் பிஎம்ஐ சராசரி 24. மூன்றில் இரண்டு பங்கினர் அதிலிருந்து 4 புள்ளிக்குள் மேலேயோ கீழேயோ இருக்கிறார்கள். மணி வடிவப் பரவல் என்று வைத்துக்கொண்டால் அங்கே 30-ஐத் தாண்டியவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேர். எல்லோருக்கும் ஒரு புள்ளி கூடி சராசரி 25 ஆகிறது. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது இரண்டரைக் கிலோ. இப்போது 30-ஐத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 11 பேருக்குச் சற்றுக் குறைவு. சராசரி கூடியது 4 சதவீதம்தான், ஆனால் உடல்பருமன் உள்ளவர்கள் பாதிக்கும் மேல் கூடிவிட்டார்கள். யாரும் புதிதாக எந்தத் தீய பழக்கத்தையும் கற்றுக்கொள்ளவில்லை. நிஜத்தில் எல்லோருக்கும் சமமாகக் கூடாது, பரம்பரை வாகு உள்ளவர்களுக்கு அதிகமாகவே கூடும். அதனால் அந்த ஓரம் இன்னும் தடிக்கும்.

இந்த 60 கலோரியை நகரம் எப்படிப் பறிக்கிறது? நடைபாதை இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் நடைபாதை போட்டும் யாரும் நடக்காத தெருக்கள் எவ்வளவோ உண்டு. நடந்து போவதற்கு முதலில் போக ஓர் இடம் இருக்க வேண்டும். குடியிருப்பு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், அலுவலகம் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பிரித்துக் கட்டிய புறநகரில் எதுவும் பத்து நிமிட நடையில் இருக்காது. அடுத்தது, தெருக்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும். உயர்ந்த மதில் கட்டி ஒரே வாசல் வைத்த குடியிருப்பு வளாகத்தில், பின் மதிலை ஒட்டிய கடைக்குப் போக முன் வாசல் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும். அதனால்தான் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை தெருச்சந்திப்புகள் என்று எண்ணுகிறார்கள். சந்திப்பு அதிகமென்றால் குறுக்கு வழி அதிகம்.

நடுவே தடுப்புச் சுவர் வைத்த அகலமான சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்தில் கடை கண்ணுக்குத் தெரிகிறது. கடக்கும் இடமோ 400 மீட்டர் தள்ளி. அங்கே போய்க் கடந்து, மறுபக்கம் கடை வரை திரும்பி வந்தால் 800 மீட்டருக்கு மேல். கணக்குப்படி தூரம் கூடினால் நடையும் கூட வேண்டும், எடைக்கு நல்லதுதானே என்று யாராவது வாதாடலாம். மனிதர்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. எதிரில் தெரியும் கடைக்குப் பத்து நிமிடம் என்றால், சிலர் தடுப்பைத் தாண்டிக் குதிப்பார்கள், மற்றவர்கள் வண்டியை எடுப்பார்கள். வயதானவர்கள் அந்தக் கடையையே மறந்துவிடுவார்கள்.

கடக்கும் இடம் இருந்தாலும் நேரம் போதுமா என்ற கேள்வி இருக்கிறது. பல நாடுகளில் நடப்பவர்களுக்கான பச்சை விளக்கை விநாடிக்கு 1.2 மீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். 24 மீட்டர் சாலைக்கு 20 விநாடி. இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களை அளந்தபோது ஆண்களின் சராசரி வேகம் 0.9 மீட்டர், பெண்களின் வேகம் 0.8 மீட்டர் என்று வந்தது. அந்தப் பெண் 20 விநாடியில் 16 மீட்டர்தான் போயிருப்பார். மீதி 8 மீட்டரை, வண்டிகள் கிளம்பிய பிறகு கடக்க வேண்டும். இரண்டு முறை இப்படி நடுவில் மாட்டிக்கொண்டவர் மூன்றாம் முறை வீட்டை விட்டு இறங்க மாட்டார். நடை மேம்பாலம் கட்டுவது இதற்கு விடை என்று நினைப்பவர்கள் முழங்கால் வலி இல்லாதவர்கள்.

பயம் எல்லோருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் கைபேசிகள் பதிவு செய்த காலடிகளைக் கொண்டு, 111 நாடுகளில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நடையைப் பார்த்தார்கள். உடல்பருமனை முன்கூட்டிச் சொல்வதில் நாட்டின் சராசரி நடையைவிட, நடப்பவர்களுக்கும் நடக்காதவர்களுக்கும் உள்ள இடைவெளியே மேலாக இருந்தது. அந்த இடைவெளி பெரிதாக உள்ள நாடுகளில் பெரும்பாலும் பெண்களின் நடைதான் அதிகமாகக் குறைந்திருந்தது. நடக்க வசதியான நகரங்களில் எல்லோரும் கூடுதலாக நடந்தார்கள், பெண்களிடம் அந்தக் கூடுதல் அதிகமாக இருந்தது. வெளிச்சமில்லாத, வெறிச்சோடிய நடைபாதை அகலமாக இருந்தும் பெண்களுக்குப் பயனில்லை என்பதற்கு ஆய்வே தேவையில்லைதான். ஆனால் அது எடைக் கணக்கிலும் வந்து நிற்கிறது.

நடக்கப் பிடித்தவர்கள்தானே நடக்க வசதியான பகுதியில் குடியேறுகிறார்கள், அப்புறம் வடிவமைப்புக்கு ஏன் பெருமை சேர்க்க வேண்டும் என்பது இந்தத் துறையின் பழைய, நியாயமான சந்தேகம். அதே காலடிப் பதிவுகளைக் கொண்டு 2025-ல் வெளியான இன்னொரு ஆய்வு இதை நேராக எதிர்கொண்டது. அமெரிக்காவில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வீடு மாறியவர்களை மட்டும் எடுத்து, அதே ஆளின் முந்தைய நடையையும் பிந்தைய நடையையும் ஒப்பிட்டார்கள். நடக்க வசதி குறைவான ஊரிலிருந்து வசதியான ஊருக்குப் போனவர்கள் நாளுக்குச் சுமார் 1,100 காலடி கூடுதலாக எடுத்து வைத்தார்கள். எதிர்த்திசையில் போனவர்களுக்கு அதே அளவு குறைந்தது. ஆள் அதே ஆள்தான், தெரு மட்டும் மாறியது.

1,100 காலடி என்பது முக்கால் கிலோமீட்டர் சொச்சம். நம் கணக்கில் ஏறக்குறைய 25 கலோரி, அதாவது கடைசியில் அதிகபட்சம் ஒரு கிலோ. நடைவழியை மட்டும் சரிசெய்தால் மக்கள்தொகையின் எடையில் எதிர்பார்க்கக்கூடியது இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். இதயம், சர்க்கரை, மனநிலை, மூட்டு எல்லாவற்றுக்கும் நடை தரும் நன்மை இதைவிடப் பெரியது. எடை மட்டும் நடைக்கு அவ்வளவு சுலபமாகப் படிவதில்லை. மிச்சக் கதை சாலையோரத்துத் தள்ளுவண்டியில் இருக்கிறது.

சாலையோர உணவு ஏன் பெரும்பாலும் எண்ணெயில் பொரித்ததாகவோ, மாவும் சர்க்கரையுமாகவோ இருக்கிறது? வாங்குபவர்களின் நாக்கைக் குறை சொல்வது வழக்கம். வண்டிக்காரர் இடத்தில் நின்று பார்த்தால் வேறு காரணங்கள் தெரியும். அவருக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது, குளிர்பெட்டி கிடையாது, நிழல் கிடையாது, எந்த நேரமும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டி வரலாம். அந்த நிலையில் வெட்டிய பழமும் காய்கறியும் விற்பது ஆபத்து. கழுவச் சுத்தமான நீர் வேண்டும், வெயிலில் இரண்டு மணி நேரம் தாங்காது, விற்காதது அன்றே குப்பை. மாவும் சர்க்கரையும் எண்ணெயும் சாதாரண வெப்பநிலையில் நாள்கணக்கில் கெடாது. 170, 180 டிகிரி எண்ணெயில் விழுந்த பண்டத்தில் கிருமி மிஞ்சாது, இரண்டு மூன்று நிமிடத்தில் தயார், மேல்பக்கம் காய்ந்து மொறுமொறுப்பாகக் கொஞ்ச நேரம் நிற்கும். வயிற்றுப்போக்கு வராமல் விற்க, இருக்கும் வசதியில் பொரிப்பதுதான் புத்திசாலித்தனம். தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் நிரந்தர இடமும் கொடுக்காத நகரம், அந்த வண்டியின் உணவுப்பட்டியலைத் தானே எழுதிவிடுகிறது.

அந்தப் பட்டியலின் எடை என்ன? மாவில் தோய்த்துப் பொரித்த 100 கிராம் பண்டத்தில் 15 கிராம் எண்ணெய் ஏறியிருந்தால், எண்ணெயிலிருந்து மட்டும் 135 கலோரி. எண்ணெய் சூடு குறைவாக இருக்கும்போது போட்டால் இன்னும் அதிகம் குடிக்கும். பலமுறை காய்ச்சிக் கெட்டியாகிப்போன எண்ணெய் வடியாமல் பண்டத்தின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் 250 மில்லி இனிப்பு பானம் ஒன்று குடித்தால் இன்னொரு 100 கலோரி. பொதுக் குடிநீர்க் குழாய் இல்லாத தெருவில் தாகத்துக்கு வாங்கக்கூடியது அதுதான். நடையில் போன 60 கலோரியைப்போல் நான்கு மடங்கு, ஐந்து நிமிடத்தில் ஏறிவிட்டது.

கலோரியைப்போல் நேரமும் முக்கியம். தள்ளுவண்டிகள் நிற்கும் இடம் தற்செயலானதல்ல. மக்கள் காத்திருக்கும் இடத்தில், அதாவது நிறுத்தத்திலும் நிலைய வாசலிலும், மாலை ஐந்திலிருந்து எட்டு வரை நிற்கும். வேலையும் வீடும் தூரமாகப் பரந்த நகரத்தில் பயணம் ஒன்றரை மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல். இடையில் பசிக்காமல் என்ன செய்யும்? அந்தப் பண்டம் இரவு உணவுக்குப் பதிலாக வந்தால் கவலையில்லை. கூடுதலாக வருவதுதான் எடையில் நிற்கிறது. பயணத்தை அரை மணி நேரமாகக் குறைத்தால் அந்தப் பசியே பாதிப் பேருக்கு இருக்காது என்பது என் ஊகம்.

இங்கே நகராட்சிகள் வழக்கமாகச் செய்யும் இரண்டு தவறுகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, எண்ணெயை மாற்றச் சொல்வது. நிறைவுற்ற கொழுப்பு குறைந்த எண்ணெய்க்கு மாறினால் இதயத்துக்கு நல்லது, அதைச் செய்யட்டும். ஆனால் எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரிதான். எடையில் அதனால் எதுவும் அசையாது.

இரண்டாவது, நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று தள்ளுவண்டிகளை அப்புறப்படுத்துவது. நடப்பவர்களுக்கும் வண்டிகளுக்கும் இடையே சண்டை இருப்பதுபோல் தெரிவது, இருவருக்கும் சேர்த்து ஒன்றரை மீட்டர் விட்டுவிட்டு மீதியை எல்லாம் ஓடும் வாகனங்களுக்கும் நிறுத்திய கார்களுக்கும் கொடுத்ததால்தான். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே போகத் தேவைப்படும் 1.8 மீட்டரை நடப்பவர்களுக்கென்று தடையில்லாமல் விட்டு, மரமும் விளக்குக்கம்பமும் நிற்கும் சாலையோரப் பட்டையில் வண்டிகளுக்குக் குறித்த இடம் கொடுத்தால் இருவரும் இருக்கலாம். வண்டிகளைத் துரத்தினால் அவற்றின் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் சேர்ந்து போகும், இரவில் அந்தத் தெருவில் பெண்கள் நடப்பது குறையும். பசி போகாது. அது பக்கத்துக் கடையின் உறையிலிட்ட நொறுக்குத்தீனிக்கு மாறும்.

உணவு விற்பனையைத் தடுத்து எடையைக் குறைக்கப் பார்த்ததற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம் லாஸ் ஏஞ்சலஸ். அதன் தென்பகுதியில், ஏறக்குறைய 7 லட்சம் பேர் வாழும் பரப்பில், தனிக்கட்டடத்தில் புதிய துரித உணவகம் திறப்பதை 2008-ல் தடை செய்தார்கள். 2015-ல் வந்த மதிப்பீட்டின்படி அங்கே உடல்பருமன் குறையவில்லை, தடை இல்லாத மற்றப் பகுதிகளைப்போலவே கூடியிருந்தது, கொஞ்சம் அதிகமாகவே. காரணம் சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. ஏற்கெனவே இருந்த கடைகள் தொடர்ந்தன. கடைவரிசைக் கட்டடங்களுக்குள் வந்த புதிய உணவகங்களைத் தடை தொடவில்லை. அந்தப் பகுதியில் அதிகம் இருந்தவையும் புதிதாக வந்தவையும் நொறுக்குத்தீனி விற்கும் சின்னக் கடைகள்தான். மக்கள் எங்கே வேலைக்குப் போகிறார்கள், எவ்வளவு நேரம் பயணிக்கிறார்கள், எப்போது பசிக்கிறது என்பதில் எதுவும் மாறவில்லை.

இதற்கு நேர்மாறாக, சுற்றுப்புறத்தையே மொத்தமாக மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் அரிய சோதனை உண்டு. அமெரிக்க அரசு 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த பொதுக் குடியிருப்புகளில் இருந்த 4,500 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வறுமை குறைந்த பகுதிக்கு மாற வாடகைச் சலுகை கிடைத்தது. பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்தக் குடும்பங்களின் பெண்களை அளந்தபோது, சலுகை கிடைத்த பிரிவில் பிஎம்ஐ 35-ஐத் தாண்டியவர்கள் நாலரை சதவீதப் புள்ளி குறைவு. நீரிழிவும் குறைவு. 30-ஐத் தாண்டியவர்கள் கணக்கில் மட்டும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இந்தப் பலன் பாதுகாப்பான தெருவால் வந்ததா, கடைகளாலா, மன அழுத்தம் குறைந்ததாலா என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் குலுக்கல் என்பதால், நல்ல பழக்கம் உள்ளவர்கள்தான் மாறிப் போனார்கள் என்று தள்ளிவிடவும் முடியாது.

கடைசியாக, இந்தக் கணக்குகளை வளரும் நகரங்களில் போட்டுப் பார்ப்பவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று. நடைபாதை மோசமான பகுதிகளில் அளந்தால் மக்கள் ஒல்லியாகவே இருப்பார்கள். அங்கே நடப்பவர்கள் தெரு நன்றாக இருப்பதால் நடக்கவில்லை, வேறு வழி இல்லாமல் நடக்கிறார்கள். நல்ல நடைபாதை உள்ள வசதியான பகுதியில் கார் இருக்கிறது, எடையும் கூடுதலாக இருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், நடைபாதை எடையைக் கூட்டுகிறது என்று கூட முடிவுக்கு வந்துவிடலாம். ஒப்பிட வேண்டியது, இரண்டு பகுதிகளிலும் முதல் வாகனம் வாங்கும் அளவுக்கு வருமானம் ஏறிய வீடுகளை. அந்த வீட்டில் வண்டி வந்த பிறகும் யாராவது நிறுத்தத்துக்கு நடந்து போகிறார்களா என்பதில்தான் தெருவின் தரம் தெரியும். ஹாலின் கணக்குப்படி எடையில் அதன் பாதி ஒரு வருடத்திலும், மிச்சம் மூன்றுக்குள்ளும் வந்துவிடும். அதற்கு முன்னால் எடைக்கருவியைக் கொண்டுபோய் வைத்தால் முழு மாற்றம் தெரியாது.